உண்டவர் ஏறும் கிளை



அழைப்பிதழில் மீர்கேட் என்று போட்டிருக்கிறது. தென் ஆப்பிரிக்காவின் கலகாரி மணல்வெளியில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் பார்க்கிற சின்ன விலங்கு அது. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்மூர்க் கீரிக்கு உறவு. நம் கீரி பெரும்பாலும் தனியாகவே வரப்போரம் ஓடும். மீர்கேட்டோ கூட்டமாக வாழும், கூட்டமாக இரை தேடும். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்காகக் கலகாரிக்குப் போவதற்கு முன்னால், திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையோரம் இருக்கிற ஒரு மூங்கில் கொத்தடியில் உங்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும்.

சம்பா அறுவடை முடிந்த ஒரு தை மாதக் காலை. மூங்கில் அடியில் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. அதில் ஏழு தவிட்டுக்குருவிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெண்தலைச் சிலம்பன் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். தவிட்டுக்குருவி என்றால்தான் நம் ஊரில் தெரியும். தவிட்டு நிறம், வெளிறிய தலை, மஞ்சள் அலகு, பார்த்தால் கோபப்படுவதுபோல் இருக்கிற வெளுத்த கண். இந்தக் குருவி இரை தேடுகிற விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசும். அதற்கு அடியில் இருக்கிற சருகை மறுபடி வீசும். பிறகு தலையை அந்தக் குழிக்குள் நுழைத்துக் கறையானையோ புழுவையோ எடுக்கும். தலை உள்ளே இருக்கிற அந்தச் சில நொடி அதற்கு உலகம் கிடையாது. வானத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. சருகு போடுகிற சத்தத்தில் காதும் உதவாது.

நான் ஏழு என்று எண்ணினேன். ஆனால் தரையில் இருந்தவை ஆறுதான். ஏழாவது, பக்கத்துப் பூவரசின் பட்ட கிளையில், இலை மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அது மேயவில்லை, இறகு கோதவில்லை. தலையை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தது. அவ்வப்போது தாழ்ந்த குரலில் ஒரு ஒலி எழுப்பியது. கொஞ்ச நேரம் கழித்து அது இறங்கிச் சருகுக்கு வந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. கீழே இருந்த ஒன்று மேலே போய் ஏறக்குறைய அதே இடத்தில் உட்கார்ந்தது. இடையில் கிளை காலியாக இருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது.

பிறகு ஒரு வல்லூறு வந்தது. வாழைக்கொல்லையின் மேல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வந்தது. கிளையிலிருந்த குருவி கூர்மையாக ஒரு குரல் கொடுத்தது. அடுத்த நொடி ஏழும் மூங்கில் கொத்துக்குள். அன்று நான் கவனித்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் காட்சியையே சொல்கிறேன். முதலில் மறைந்தது காவலிருந்த குருவி. கத்திக்கொண்டே மறைந்துவிட்டது. தரையில் இருந்தவைதான் பின்தங்கின.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காவலிருக்கிற உயிர் தன் வயிற்றைப் பட்டினி போட்டு, தன் உயிரைப் பணயம் வைத்து, கூட்டத்துக்காக நிற்கிறது என்றார்கள். எல்லையில் நிற்கிற சிப்பாயைப்போல என்று உவமையும் சொன்னார்கள். விலங்கியலாரும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். அப்படிப்பட்ட தியாகம் இயற்கையில் எப்படி நிலைக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. தியாகம் செய்கிறவை செத்துப்போனால், தியாகம் செய்யாதவற்றின் குஞ்சுகள்தானே மிஞ்சும்? சொந்த ரத்தத்தைக் காப்பாற்றுவதால் நிலைக்கிறது என்றனர் சிலர். இன்று நான், நாளை நீ என்று கைமாற்றுக் கணக்கு வைத்திருக்கின்றன என்றனர் வேறு சிலர்.

இந்தக் கேள்வியின் அடிப்படையையே மாற்றிய பதில் கலகாரியில் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிம் கிளட்டன்-பிராக்கும் அவருடன் இருந்தவர்களும் 1993 முதல் குருமான் ஆற்றுப் படுகையில் மீர்கேட் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் சாயத்தால் அடையாளம் இட்டு, பக்கத்தில் மனிதர் நடந்தாலும் பயப்படாத அளவுக்குப் பழக்கினார்கள். மீர்கேட்டும் தவிட்டுக்குருவியைப் போலத்தான். மணலைத் தோண்டித் தலையை உள்ளே விட்டு வண்டுப் புழுவும் தேளும் எடுக்கும். தலை மண்ணுக்குள் இருக்கும்போது கழுகு வந்தால் தெரியாது. அதனால் ஒன்று பட்ட மரத்திலோ புதரிலோ ஏறி நிற்கும்.

1999இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சொன்னவை இவை. காவலிருக்கிற மீர்கேட் பாதுகாப்பான இடத்தில்தான் நிற்கிறது. தப்பி நுழைய வளை பக்கத்திலேயே இருக்கிறது. ஆபத்தை முதலில் பார்ப்பதும் அதுதான். கூட்டத்தைவிட்டுத் தனியாக இருக்கிற மீர்கேட்கூட அவ்வப்போது உயரத்தில் ஏறிக் காவலிருக்கிறது. யாருக்காக? எச்சரிக்க அங்கே வேறு யாரும் இல்லை. தனக்காகத்தான். அடுத்தது, கூட்டத்தில் ஒரே விலங்கு இரண்டு முறை அடுத்தடுத்துக் காவலேறுவது அரிது. ஆனாலும் இவருக்குப் பிறகு இவர் என்கிற முறை எதுவும் கிடையாது.

இந்த 'முறை கிடையாது' என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நாம் முறை வைத்து வாழ்கிற மண்ணில் பிறந்தவர்கள். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். யார் எப்போது மடை திறப்பது என்பது எழுத்தில் இருக்கும், அதைக் காக்க ஆள் இருக்கும், மீறினால் சண்டை வரும். மீர்கேட்டிடம் பட்டியல் இல்லை, மேலாளர் இல்லை. இருந்தும் வேலை மாறி மாறி எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. எப்படி?

அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில மீர்கேட்டுகளுக்கு வேகவைத்த கோழிமுட்டை கொடுத்தார்கள். வயிறு நிறைந்தவை என்ன செய்யும்? தூங்கப் போகலாம், விளையாடலாம். அவை காவலேறின. முன்பைவிட அதிகமாக ஏறின. ஒருமுறை இறங்கிய பிறகு மறுபடி ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட இடைவெளியும் குறைந்தது. கூலிக்கு நிற்கிற காவலாளியாக இருந்தால், சாப்பாடு கிடைத்த கையோடு வேலையைக் குறைத்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ்.

இதற்கு முன்னாலேயே 1997இல் பீட்டர் பெட்னெகாஃப் என்ற அமெரிக்கர் இதைக் கணக்கில் போட்டுக் காட்டியிருந்தார். ஒவ்வொரு விலங்கும் இரண்டே விஷயத்தைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயிறு எப்படி இருக்கிறது? மேலே யாராவது இருக்கிறார்களா? வயிறு காலி என்றால் மேய்வதுதான் லாபம். வயிறு நிறைந்து, மேலே யாரும் இல்லை என்றால், ஏறி நிற்பதே தன் உயிருக்கு நல்லது. ஏனென்றால் ஆபத்தை முதலில் பார்க்கிறவர்தான் முதலில் தப்புகிறவர். மேலே ஒருவர் ஏற்கெனவே இருந்தால், ஏறுவதால் கூடுதல் பயன் சொற்பம், கீழேயே மேயலாம். இந்த இரண்டு விதி போதும். முறைப்பட்டியல் போட்டதுபோலவே காவல் மாறி மாறி நடக்கும்.

எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்தபோது களத்துக் காவல் இப்படித்தான் நடந்தது. அடித்த நெல் அன்று இரவு களத்திலேயே குவிந்து கிடக்கும். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூன்று பேர். இன்றைக்கு யார் என்று பேசிக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை. முதலில் சாப்பிட்டுக் கை கழுவியவர் போர்வையையும் லாந்தரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் மற்ற இருவரும் சம்மணத்தைத் தளர்த்திக்கொண்டு இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொள்வார்கள். பெட்னெகாஃபின் கணக்கைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் லாந்தர்தான் முதலில் கண்ணில் தெரிந்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். நம் மூங்கிலடியில் ஏழு குருவி. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் ஏழில் ஒரு பங்கைப் பார்வைக்குச் செலவிடுகிறது என்று கொள்வோம். ஒன்றையொன்று கவனிக்காமல், அதது தனக்குத் தோன்றியபோது தலை தூக்கினால் என்ன ஆகும்? ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒரு குருவி தலை தூக்காமல் இருப்பதற்கு வாய்ப்பு ஏழில் ஆறு. ஏழும் ஒரே நொடியில் தலை குனிந்திருக்க வாய்ப்பு, ஏழில் ஆறை ஏழு முறை பெருக்கினால் வருவது: சுமார் 0.34. அதாவது மூன்றில் ஒரு பங்கு நேரம் வானத்தைப் பார்க்க ஒரு கண்கூட இல்லை. வல்லூறுக்கு அது தாராளம். அதே உழைப்பை, ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறுகிறபடி அமைத்துக்கொண்டால் காலி நேரம் ஏறக்குறைய பூஜ்யம். கூடுதலாக ஒரு நொடிகூடச் செலவில்லை. ஒன்று இன்னொன்றைக் கவனிப்பதால் மட்டுமே வருகிற லாபம் இது.

ஆனால் கவனிப்பதற்கே நேரம் வேண்டாமா? கிளையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் தலை தூக்கினால், காவலாளை வைத்திருப்பதன் பயனே போய்விடும். அதற்குத்தான் அந்தத் தாழ்ந்த குரல். மீர்கேட் காவலில் இருக்கும்போது மெல்லிய ஒலியைத் தொடர்ந்து எழுப்பிக்கொண்டே இருக்கும். மார்ட்டா மான்சர் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார். அந்தக் குரல் கேட்கும்போது தோண்டிக்கொண்டிருந்தவை தலை தூக்குவதைக் குறைத்தன. குரலுக்கு அர்த்தம் 'ஆபத்து' அல்ல. 'நான் இருக்கிறேன், நீ தோண்டு' என்பதுதான். இரவில் தெருவில் தடியைத் தட்டிக்கொண்டு போகிற கூர்க்காவின் சத்தம் கேட்டால் நாம் புரண்டு படுத்துத் தூங்குகிறோமே, அதேதான்.

இது மீர்கேட்டோடு நிற்கிற விஷயம் அல்ல என்பதற்கு, நம் தவிட்டுக்குருவியின் சிலம்பன் சாதியிலேயே சான்று இருக்கிறது. தில்லியில் 1970களில் ஆண்டனி காஸ்டன் காட்டுச் சிலம்பன்களின் கூட்டங்களை ஆராய்ந்தார். இஸ்ரேலின் பாலைவனத்தில் அமோட்ஸ் ஜஹாவி அரேபியச் சிலம்பன்களைப் பல பத்தாண்டுகள் பார்த்தார். காவலேறுவது கூட்டத்தில் மதிப்புத் தேடிக்கொள்ள என்பது ஜஹாவியின் கருத்து. 'பார், எனக்கு இதற்கெல்லாம் தெம்பு இருக்கிறது' என்று காட்டிக்கொள்கிறதாம். அழகான கருத்து, என் மாணவப் பருவத்தில் என்னை மயக்கியது. ஆனால் பிறகு அதே அரேபியச் சிலம்பன்களுக்கு ஜொனாதன் ரைட்டும் உடனிருந்தவர்களும் கூடுதலாக இரை கொடுத்துச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். இரை கிடைத்தவை அதிகமாகக் காவலேறின. முட்டை தின்ற மீர்கேட்டின் கதையேதான். மதிப்புக்கும் அதில் கொஞ்சம் பங்கிருக்கலாம். ஆனால் அடித்தளம் வயிறு என்றுதான் நான் இப்போது எண்ணுகிறேன்.

தெற்கு ஆப்பிரிக்காவின் வெள்ளைக் கறுப்புச் சிலம்பன்களிடம் லிண்டா ஹாலனும் ஆண்ட்ரூ ராட்ஃபோர்டும் மற்றவர்களும் 2008இல் இன்னொரு படி போனார்கள். காவல் குரல் கேட்டபோது மேய்கிற பறவைகள் தலை தூக்குவது குறைந்தது, ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பரவி மேய்ந்தன, அதிக இரை பிடித்தன. கிளையில் ஒருவர் இருப்பது தரையில் இருப்பவருக்குச் சோறாக மாறுகிறது. அந்தச் சோறு வயிற்றை நிரப்புகிறது. நிறைந்த வயிறு அடுத்த காவலாளைக் கிளைக்கு ஏற்றுகிறது.

அப்படியானால் இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது? வயிறு நிறையாத இடத்தில் உடைகிறது. சருகு பெருக்கிச் சுத்தமான தென்னந்தோப்பில், கறையான் இல்லாத தரையில், எல்லாக் குருவிக்கும் எப்போதும் பசி. எல்லாம் கீழேயே இருக்கும். கூட்டம் மூன்று நான்காகச் சுருங்கினாலும் இதே கதிதான். ஒருவர் ஏறினால் மேய்கிறவரில் மூன்றிலோ நாலிலோ ஒருவர் குறைந்துவிடுகிறார். உங்கள் கொல்லையில் உட்கார்ந்து, கிளை எவ்வளவு நேரம் காலியாக இருக்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பாருங்கள். அந்த இடம் குருவிக்குச் சோறு போடுகிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஏறுவதற்குக் கிளையும், விழுந்து ஒளிய மறைவும் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துப் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னைகள் சாய்ந்தபின் ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். வேர் பிடுங்கிக் கிடந்த தென்னை ஒன்றின் மேல், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், ஒரு தவிட்டுக்குருவி காவலிருந்தது. அந்த உயரத்திலிருந்து அதற்கு என்ன தெரிந்திருக்கும்? மறைவதற்கும் புதர் இல்லை. பாதுகாப்பான மேடை என்று மீர்கேட் ஆய்வு சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. மேடை பாதுகாப்பாக இல்லாவிட்டால் காவல் மறுபடியும் தியாகமாகிவிடுகிறது; தியாகத்தை எந்தக் குருவியும் நெடுநாள் செய்வதில்லை.

குரலை நம்பி நடக்கிற ஏற்பாட்டில் பொய்க்குரலும் நுழையும். வயலில் பூச்சி பிடிக்கட்டும் என்று நாம் நட்டு வைக்கிற குறுக்குக் கழியில் வந்து உட்காருமே கரிச்சான், இரட்டைவால் குருவி என்போமே, அதன் நெருங்கிய உறவு ஒன்று கலகாரியில் இருக்கிறது. அது மீர்கேட் கூட்டத்தையும் சிலம்பன் கூட்டத்தையும் பின்தொடரும். உண்மையாகவே கழுகு வரும்போது எச்சரிக்கும். நம்பிக்கை வந்ததும், யாராவது கொழுத்த புழுவை எடுக்கிற நேரம் பார்த்துப் பொய்யாகக் கத்தும். அவை புழுவைப் போட்டுவிட்டு ஓடும், இது எடுத்துக்கொள்ளும். டாம் ஃப்ளவர் என்பவர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அதன் உணவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்படித் திருடியது. ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஏமாறுகிறவை பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்பதால், அது வேறு பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் மாற்றி மாற்றிக் கத்தும். 2014இல் வெளியான முடிவு இது. ஏமாறுகிறவை ஏன் பொறுத்துக்கொள்கின்றன? ஒரு புழு போனால் போகட்டும். ஒருமுறை உண்மைக் குரலை அலட்சியம் செய்தால் போவது உயிர்.

நம் தவிட்டுக்குருவிக்கு வேறொரு திருடன், சுடலைக்குயில். சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், பிறகு நாடறிந்த வனவிலங்கு அறிஞரானவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். அவரும் பரமானந்தமும் 1982இல் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். வெண்தலைச் சிலம்பன் கூட்டம் ஒன்று சுடலைக்குயில் குஞ்சு ஒன்றைக் கூட்டாக வளர்த்ததைப் பற்றியது அது. சுடலைக்குயில் கூடு கட்டாது. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தவிட்டுக்குருவியின் முட்டையும் நீலம், அதன் முட்டையும் நீலம்.

வல்லூறையும் பாம்பையும் அத்தனை தொலைவிலிருந்து கண்டுகொள்கிற கூட்டத்துக்குத் தன் கூட்டில் நடந்தது தெரியவில்லை. கடந்த ஆடியில் அதே குடமுருட்டிக் கரையில் நானும் அதைப் பார்த்தேன். பறக்கக் கற்றுக்கொண்டிருந்த சுடலைக்குயில் குஞ்சு ஒன்று கருவேலங்கிளையில் வாயைப் பிளந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தது. அதற்குள் வளர்ப்புத் தாயின் அளவுக்கு வந்துவிட்டது. மூன்று தவிட்டுக்குருவிகள் மாறி மாறிப் புழு கொண்டுவந்து அதன் வாயில் திணித்தன. மற்றவை கீழே சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. மேலே, இலை மறைக்காத உச்சிக் கிளையில், ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.